வெள்ளைச் சட்டையின் வியர்வை மஞ்சள்: பிளீச்சா, எலுமிச்சையா, ஆக்சிஜன் பவுடரா?

போன சித்திரையில் பாளையங்கோட்டை கோர்ட்டில் ஒரு கேஸ் கட்டை எடுக்க அலமாரியின் மேல் தட்டுக்குக் கையைத் தூக்கினேன், அக்குளுக்குப் பின்னால் சட்டை சர்ரென்று கிழிந்தது. தையல் விட்டிருந்தால் கவலையில்லை, டவுனில் இருக்கிற டெய்லரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார். இங்கே துணியே போயிருந்தது. தையல் ஓரமாக இரண்டு விரல் நீளத்துக்கு, பழைய காகிதம் கிழிகிற மாதிரி. மேலே கருப்புக் கோட்டு இருந்ததால் மானம் தப்பியது. கோடையில் எங்கள் கோர்ட்டுகளில் கோட்டு கட்டாயம் இல்லைதான், அன்றைக்கு என்னவோ போட்டிருந்தேன்.

அந்தச் சட்டைக்கு ஒன்றரை வயதுதான். நல்ல காட்டன். கிழிவதற்கு மூன்று மாதம் முன்பு, காலரும் அக்குளும் மஞ்சளாகிவிட்டன என்று வீட்டில் இரண்டு மூன்று தடவை பிளீச் திரவத்தில் ஊறப்போட்டிருந்தோம். அப்போது ஓரளவு வெளுத்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். அக்குள் மட்டும் வெளுப்பதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் அழுத்தமான மஞ்சளானது. அது ஏன் என்று அன்றைக்கே கேட்டிருந்தால் சட்டை பிழைத்திருக்கும்.

அதன் பிறகு மிச்சமிருந்த ஐந்து சட்டைகளை வைத்துக்கொண்டு வேறு வேறு வழிகளைச் செய்து பார்த்தேன். எந்த வழி கறையை எடுக்கிறது என்பது பாதிக் கேள்வி, எடுக்கும்போது நூலை என்ன செய்கிறது என்பது மறுபாதி. கடையில் விற்கிற எல்லா டப்பாவும் முதல் பாதிக்குத்தான் பதில் சொல்லும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காலர் மஞ்சளும் அக்குள் மஞ்சளும் வேறு வேறு சமாச்சாரம். இரண்டையும் ஒரே கறை என்று நினைத்து ஒரே மருந்து போடுவதால்தான் பாதி வேலை கெடுகிறது.

காலரில் இருப்பது எண்ணெய். கழுத்துத் தோல் விடுகிற கொழுப்பு, அதோடு நம் ஊர்த் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய், உதிர்கிற தோல் துகள், சந்திப்பிள்ளையார் முக்கிலிருந்து கோர்ட் வரைக்கும் பைக்கில் வருகிற தூசி. இது நூலுக்குள் இறங்கி நாள்பட நாள்பட காற்றோடு சேர்ந்து கெட்டு மஞ்சளாகிறது. விளக்கு ஏற்றாமல் விட்ட அகலில் எண்ணெய் பிசுபிசுவென்று பழுப்பாகி ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். துவைத்த அன்று வெள்ளையாக இருந்த காலர் பீரோவில் இரண்டு மாதம் கிடந்த பிறகு மஞ்சளாக வெளியே வருவதற்குக் காரணமும் இதுதான். துவைக்கும்போது எண்ணெய் முழுக்கப் போகவில்லை, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அக்குளில் கதை வேறு. வியர்வையை அடக்குகிற ஸ்பிரே, ரோல்-ஆன் வகைகளில் அலுமினிய உப்பு இருக்கிறது. அது வியர்வையில் இருக்கிற புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து துணியில் படிந்து மஞ்சளாகி, நாளாக ஆக மொடமொடப்பான ஒரு பொருக்காகிவிடுகிறது. நான் ஸ்பிரேயே அடிப்பதில்லை, படிகாரம்தான் தேய்க்கிறேன் என்று எங்கள் பெரியப்பா பெருமையாகச் சொல்வார். படிகாரமும் அலுமினிய உப்புதான், அவர் சட்டையும் மஞ்சள்தான். இரண்டுமே பழக்கமில்லாதவர்களுக்கு அக்குளில் வருவது பெரும்பாலும் காலர் மாதிரி எண்ணெய்க் கறையாகவே இருக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆகவே சட்டையை உள்பக்கம் திருப்பி அக்குளை விரலால் தொட்டுப் பாருங்கள். மொடமொடவென்று இருந்தால் அலுமினியம்.

சட்டை முழுக்கவே ஒரே சீராக மஞ்சள் பாய்ந்திருந்தால் அது பெரும்பாலும் வியர்வை இல்லை, தண்ணீர். எங்கள் வீடு பெருமாள்புரத்துக்கு அந்தப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்வோம், துவைக்கிறதெல்லாம் போர் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஒரு வாளியில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் அடியில் லேசாகச் செம்பழுப்பு வண்டல் படிந்திருக்கும். அது இரும்பு. இந்த இரும்பு சமாச்சாரம் பின்னால் முக்கியமாக வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொரு வழியாக.

பிளீச் திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிவறைக்கு ஊற்றுகிற அதே வாசனை. துணிக்கென்று விற்பதும் அடிப்படையில் அதுதான். காபிக் கறை, பேனா மை போன்றவற்றை இது வேகமாக எடுக்கும் என்பது உண்மை. வியர்வை மஞ்சளுக்கு மட்டும் இது பொருந்தாது, இரண்டு காரணங்களால். ஒன்று, குளோரின் வியர்வையில் உள்ள புரதத்தோடு சேர்ந்து தானே மஞ்சளான சேர்மங்களை உண்டாக்கும். என் சட்டையின் அக்குள் வெளுக்காமல் இன்னும் மஞ்சளானது இதனால்தான். கறை போகவில்லை என்று நாம் இன்னும் ஒரு மூடி ஊற்றுவோம், அது இன்னும் மஞ்சளாகும். இரண்டு, அது பருத்தி நூலின் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டுகிறது. அளவு கூடினாலும், நேரம் கூடினாலும், சுடுதண்ணீரில் போட்டாலும் வெட்டு அதிகமாகும்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், பிளீச் போட்ட அன்றைக்குத் துணி நன்றாகத்தான் இருக்கும். குளோரினால் அடிபட்ட செல்லுலோஸ் காரத்தைத் தாங்காது. பிறகு ஒவ்வொரு தடவையும் சோப்புத்தூளில், அதுவும் சலவை சோடா கலந்த தூளில் துவைக்கத் துவைக்கத்தான் அடிபட்ட பகுதி கரைந்து நூல் மெலியும். அதனால் கிழிசல் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும், நாமும் துணிக்கடைக்காரரைத் திட்டுவோம். நானும் திட்டினேன்.

துணி அடிபட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. நல்ல பருத்தி ஈரமாக இருக்கும்போது காய்ந்திருப்பதைவிட வலுவாக இருக்கும். ஆகவே அலசி முடித்த ஈரச் சட்டையின் அக்குள் ஓரத்தை இரண்டு கைக் கட்டைவிரலாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், பிறகு அதே சட்டையில் கறையே இல்லாத இடத்தில், உதாரணமாக இடுப்புக்குக் கீழே உள்ளே செருகுகிற பகுதியில், அதே மாதிரி இழுத்துப் பாருங்கள். அக்குளில் மட்டும் நொறுநொறுவென்று நூல் விடுகிற உணர்வு வந்தால் துணி போய்விட்டது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் அங்கே மட்டும் மெலிந்து தெரியும். அந்தச் சட்டைக்கு இனி கடுமையான மருந்து எதுவும் வேண்டாம்.

பாலியஸ்டர் கலந்த சட்டை குளோரினைத் தாங்கிவிடும் என்று சொல்வார்கள். பாலியஸ்டர் தாங்கும், அதோடு பின்னியிருக்கிற பருத்தி தாங்காது. இழுவைக்காக எலாஸ்டிக் நூல் சேர்த்த சட்டையென்றால் அந்த நூல்தான் முதலில் சாகும். சுருக்கம் விழாத பூச்சு போட்ட சில சட்டைகள் குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு, அயர்ன் சூடு பட்டதும் மஞ்சளாகும். அவசரத்துக்கு அடுத்த சாமானையும் கலக்காதீர்கள்: பிளீச் திரவத்தோடு வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய குளியலறையில் அது விளையாட்டில்லை.

அடுத்தது எலுமிச்சையும் வெயிலும். எங்கள் ஆச்சிக்கு இது தவிர வேறு வைத்தியம் கிடையாது. "எலுமிச்சம்பழத்தப் பாதியா வெட்டி உப்புத் தொட்டுத் தேய்ச்சு மொட்டமாடில போடுலே, ஒரு வெயிலு போதும்" என்பார். இதில் பாதி சரி. எலுமிச்சையின் அமிலம் அலுமினியப் பொருக்கையும் இரும்புக் கறையையும் இளக்கும், வெயில் கொஞ்சம் வெளுக்கும். தவறு எங்கே என்றால், சாறு துணியிலேயே காய்வது. மே மாத மொட்டைமாடியில் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அமிலம் மட்டும் நூலில் செறிந்து நிற்கும், மேலே சூடு வேறு. பருத்திக்கு அமிலமும் சூடும் சேர்ந்தால் ஆகாது, சங்கிலி அறுந்துவிடும். அலசாமல் அதன் மேல் அயர்ன் போட்டால் சாற்றிலிருக்கும் சர்க்கரை பழுப்பாகி, இருந்த கறையைவிடப் பெரிய கறை கிடைக்கும். ஆச்சி காலத்து முரட்டு மல்லுத் துணி இதையெல்லாம் தாங்கியிருக்கலாம், இப்போதைய மெல்லிய சட்டைத் துணிக்கு நான் இதைச் செய்வதில்லை.

எலுமிச்சைக்குப் பதில் வெள்ளை வினிகர் அதே வேலையை ஒழுங்காகச் செய்யும். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர், சட்டையை உள்பக்கம் திருப்பி அக்குள் பகுதி மட்டும் அரை மணி நேரம் முங்கி இருந்தால் போதும், பிறகு இரண்டு தண்ணீர் அலசிவிட வேண்டும். காய விடவே கூடாது. பொருக்கு இளகியதா என்பதைக் கையே சொல்லும், மொடமொடப்பு குறைந்திருக்கும். நிறம் அப்படியே இருக்கலாம். அமிலம் அலுமினியத்தைத்தான் இளக்கும், மஞ்சள் நிறத்தை அடிப்பது அடுத்த கட்டத்தின் வேலை. காலருக்கு வினிகர் போட்டுப் பயனே இல்லை, எண்ணெயை அமிலம் என்ன செய்யும்?

இடையில் ஒன்று. வினிகரையும் சோடா உப்பையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்க வைத்து காலரில் ஊற்றுகிற வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு மிச்சம் நிற்பது ஒரு உப்புக் கரைசல், இரண்டின் பலனும் போய்விடும். நுரை பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

நீலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொட்டு நீலம் மஞ்சளை எடுப்பதில்லை. மஞ்சளுக்கு மேலே கொஞ்சம் நீலம் சேர்த்துக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறது. துணிக்குக் கெடுதல் இல்லை, கறை சுத்தமாகப் போன பிறகு போட்டால் அழகு. கறையோடு போட்டால் காலர் சாம்பலும் பச்சையுமாக ஒரு நிறத்துக்கு வரும், அரசியல் கூட்டத்துக்குப் போகிற பல சட்டைகளில் பார்க்கலாம்.

வெள்ளாவியைப் பற்றிச் சொல்லாமல் திருநெல்வேலியில் சலவையைப் பற்றி எழுத முடியாது, ஊருக்குள்ளேயே வண்ணார்பேட்டை என்று ஒரு பேட்டை இருக்கிறது. உவர்மண்ணிலும் சோடாவிலும் துணியை முக்கி, பானை மேல் அடுக்கி, ராத்திரி ஆவியில் வேகவைத்து, காலையில் ஆற்றில் அலசி மணலில் காயப்போடுகிற முறை. வேதியியல் கண்ணால் பார்த்தால் இது காலர் எண்ணெய்க்குக் கச்சிதமான வைத்தியம். காரமும் சூடும் சேர்ந்து கொழுப்பைச் சோப்பாக மாற்றிவிடும், தண்ணீரோடு போய்விடும். பருத்தி காரத்தைத் தாங்கும். கல்லில் ஓங்கி அடிப்பதைத்தான் காலர் மடிப்பு தாங்காது. இன்றைய சட்டைக்கு இது பொருந்தாமல் போவதற்கு வேறொரு காரணம் காலருக்குள் சூட்டில் ஒட்டித் தருகிற பக்ரம். கொதிக்கிற தண்ணீரிலோ ஆவியிலோ அதன் பசை விட்டு, காலர் மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பழைய காலர்களில் பக்ரத்தைத் தைத்திருப்பார்கள், அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. என் வேட்டிகளுக்கு வெள்ளாவி கிடைத்தால் இன்றைக்கும் கொடுப்பேன், சட்டைக்குக் கொடுக்க மாட்டேன்.

மிச்சமிருப்பது ஆக்சிஜன் பிளீச், என் ஓட்டு இதற்குத்தான். சோடியம் பெர்கார்பனேட் என்கிற வெள்ளைத் தூள். கறை நீக்கி என்று விற்கிற பல பவுடர்களில் முக்கியச் சரக்கு இதுதான், டப்பாவின் பின்னால் பெயர் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைந்ததும் இது ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சலவை சோடாவுமாகப் பிரியும். சோடா காலரின் கொழுப்பை இளக்கும், பெராக்ஸைடு மஞ்சள் நிறத்தை அடிக்கும். புரதத்தோடு சேர்ந்து மஞ்சளாக்கும் வேலை இதற்குத் தெரியாது. பெராக்ஸைடும் அளவு மீறினால் பருத்தியை அரிக்கத்தான் செய்யும், ஆனால் வீட்டு அளவில் குளோரினைவிட மிகவும் சாது. பாலியஸ்டர் கலப்புக்கும் ஆகும். பட்டுச் சட்டைக்கும் கம்பளிக்கும் மட்டும் ஆகாது, இதன் காரம் அவற்றைக் கெடுத்துவிடும்.

தூள் கிடைக்கவில்லையென்றால் மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு பாட்டில் கிடைக்கும். பெரும்பாலும் 6 சதவீதம். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கி, இரண்டு மேசைக்கரண்டிக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா உப்பும் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்துக் குழைத்து, கறை உள்ள இடத்தில் மட்டும் தடவி அரை மணி நேரம் விட்டு அலசலாம். காய்வதற்கு முன் அலசிவிட வேண்டும், நம் ஊர் வெயிலில் நிழலில் வைத்தாலும் இருபது நிமிடத்தில் ஓரம் காய ஆரம்பித்துவிடும், மேலே ஒரு ஈரத்துணி போட்டு மூடுங்கள். கைக்கு உறை வேண்டும், இல்லாவிட்டால் விரல் நுனி வெள்ளை வெள்ளையாகி எரியும். ஒரு இடத்துக்கு மட்டும் என்றால் இது நல்லது, ஐந்து சட்டைக்கு என்றால் தூள்தான் சுலபம்.

இப்போது அந்த இரும்புக்கு வருகிறேன். பெராக்ஸைடுக்குப் பெரிய எமன் இரும்பு. துருப்பிடித்த வாளி, துருப்பிடித்த கொக்கி, இரும்பு அதிகமுள்ள போர் தண்ணீர், எதுவானாலும் இரும்பு பட்ட இடத்தில் பெராக்ஸைடு ஒரேயடியாக உடைந்து அந்த இடத்து நூலை மட்டும் தின்றுவிடும். குண்டூசி குத்தின மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள் வரும். ஆக்சிஜன் பவுடர் போட்டுத் துணி ஓட்டையாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் வீட்டில் முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஊறும்போது ஒரே ஒரு இடத்தைச் சுற்றி மட்டும் குபுகுபுவென்று குமிழி கிளம்பினால் அங்கே துரு இருக்கிறது என்று அர்த்தம், உடனே எடுத்து அலசி, அந்தத் துருவை முதலில் வினிகரில் எடுத்துவிட்டுப் பிறகு வாருங்கள். நான் ஊறவைக்க மட்டும் பிளாஸ்டிக் வாளியும் ஆற்றுத் தண்ணீரும்தான் எடுக்கிறேன். நாலு லிட்டர்தானே, குடிதண்ணீரில் குறைந்துவிடாது.

ஒரு சட்டையை எடுத்து முழுக்கச் சொல்கிறேன். இரண்டு வருடம் ஆன முழுக் காட்டன் சட்டை, காலர் உள்பக்கம் மடிப்பில் பழுப்புக் கோடு, அக்குள் இரண்டும் மொடமொடப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன்.

காலரை முதலில் எடுத்தேன், ஈரமாக்காமல். துணி ஈரமாகிவிட்டால் எண்ணெய் வரை மருந்து போகாது, காய்ந்த துணியில்தான் பிடிக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் மடிப்பு நீளத்துக்குத் தடவி, குழந்தைகளுக்கான மெல்லிய பழைய டூத் பிரஷ்ஷால் நூல் போகிற திசையிலேயே லேசாகத் தேய்த்து இருபது நிமிடம் விட்டேன். துவைக்கிற பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்கும் பரக்குப் பரக்கென்று தேய்த்தால் காலர் மடிப்பில் பிசிறு வந்துவிடும். காலர் கிழிவது பாதி நேரம் மருந்தால் இல்லை, பிரஷ்ஷால்தான். அந்த இருபது நிமிடத்தில் அக்குள் பகுதி வினிகர் தண்ணீரில் இருந்தது. பத்து நிமிடம் கூடுதலாக விட்டு, எல்லாவற்றையும் நன்றாக இரண்டு தண்ணீர் அலசினேன். இங்கே அலசலில் சோம்பேறித்தனம் படக் கூடாது, வினிகர் மிச்சம் இருந்தால் அடுத்து வருகிற காரத்தைத் தின்றுவிடும்.

அப்புறம் என்சைம் உள்ள சலவைத் தூளில் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கால் மணி நேரம். என்சைம் புரதத்தை வெட்டிக் கொடுக்கும், துணியின் பருத்தியைத் தொடாது. இந்தக் கட்டத்தில் தண்ணீர் கொதிக்கக் கூடாது, புரதக் கறை சூட்டில் முட்டை வெந்த மாதிரி இறுகிவிடும், என்சைமும் செத்துவிடும். இதே காரணத்துக்காகத்தான் கறை இருக்கும்போதே அயர்ன் போடாதே என்று சொல்கிறார்கள்.

பத்து மணிக்கு ஆக்சிஜன் பவுடர். ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரும் மூன்று லிட்டர் சாதாத் தண்ணீரும் கலந்தால் நம் ஊர்த் தண்ணீரின் சூட்டுக்கு 45, 48 டிகிரி வரும், கையை உள்ளே வைத்தால் சூடு தெரியும், ஆனால் எடுக்கத் தோன்றாது. அதில் இரண்டு மேசைக்கரண்டி தூள், சுமார் 30 கிராம், துணியைப் போடுவதற்கு முன்பே முழுக்கக் கரைக்க வேண்டும். கரையாத தூள் துணி மேல் உட்கார்ந்தால் அந்த இடத்தில் மருந்து அதிகமாகிவிடும். சட்டையை முழுக்க முக்கினேன், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மிதக்காமல் அமுக்கினேன். மூடியை இறுக்க மூடவில்லை, உள்ளே ஆக்சிஜன் கிளம்பிக்கொண்டே இருக்கும், கரைசலைப் பாட்டிலில் அடைத்து வைத்தால் வெடிக்கும். தூள் நல்ல தூளா என்று அறிய, கரைந்த சில நிமிடங்களில் பொடிப் பொடியாகக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குமிழியே இல்லையென்றால் ஈரம் பட்டுச் செத்த தூள். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் இது நடக்கும்.

நாலு மணி நேரம். அதற்கு மேல் வைத்துப் பெரிய பயன் இல்லை, மருந்தின் வீரியம் அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ராத்திரி முழுக்க வைத்தேன் என்று சொல்கிறவர்கள் பிற்பாதியில் வெறும் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார்கள்.

இரண்டு மணிக்கு எடுத்து அலசி, வழக்கம்போல் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் போட்டேன். காலர் கோடு போய்விட்டது. அக்குள் முக்கால்வாசி போனது, தையலுக்குள் மட்டும் மெல்லிய மஞ்சள். காய்ந்த பிறகுதான் கறையை எடை போட வேண்டும், ஈரத்தில் எல்லாமே நல்லதாகத் தெரியும், அல்லது எல்லாமே மோசமாகத் தெரியும். அன்று அயர்ன் போடவில்லை. அடுத்த ஞாயிறு வினிகரிலிருந்து மறுபடி ஒரு சுற்று, அதே அளவு. மிச்சமும் கிட்டத்தட்டப் போனது. இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறுவார்கள்: முதல் சுற்றில் முக்கால்வாசி போனதும், இரண்டாவது சுற்றில் தூளை இரட்டிப்பாக்குவார்கள். அளவைக் கூட்டாமல் சுற்றைக் கூட்டுவதுதான் நூலுக்கு நல்லது.

ஈரத்தில் கட்டைவிரல் சோதனை செய்து பார்த்தேன், அக்குளிலும் இடுப்பிலும் இழுவை ஒரே மாதிரி இருந்தது. முன்பு பிளீச் பட்டிருந்த இன்னொரு சட்டைக்கு இதே வைத்தியம் செய்தபோது அப்படி இல்லை. வெளுத்தது, ஆனால் ஏற்கெனவே மெலிந்த இடம் மெலிந்ததுதான், எந்த மருந்தாலும் அது திரும்ப வராது.

எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சட்டைக்குக் கொடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியென்றால் எதை விடலாம்? அக்குள் மெத்தென்று இருந்தால் வினிகரை விட்டுவிடலாம். கறை புதிது, ஒரு மாதத்துக்குள் என்றால் என்சைம் தூளில் ஊறவைப்பதே போதும், ஆக்சிஜன் பவுடர் வரை போக வேண்டாம். காலருக்கு அந்தப் பாத்திரத் திரவத்தை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள், எண்ணெய் போகாமல் வெளுக்கப் போவது ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற கதை, மறுபடி மஞ்சள் வெளியே வரும். என் மதினி ஒவ்வொரு வாரமும் துவைப்பதற்கு முன் அண்ணன் சட்டைக் காலரில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்ப்பார், அண்ணன் சட்டைகளுக்கு ஆக்சிஜன் பவுடர் தேவையே பட்டதில்லை. "பீரோல வைக்கும்போதே மஞ்சளத் தூங்கப் போடுதீய, பெறவு எழுப்ப வெந்நி கேக்குதீய" என்பார்.

ஸ்பிரே அடிக்கிறவர்கள் அது காய்ந்த பிறகு சட்டையைப் போட்டால் துணியில் ஒட்டுவது குறையும். கழுத்தில் பவுடர் அப்புகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை, எண்ணெயும் பவுடரும் சேர்ந்து மடிப்பில் களிமண் மாதிரி ஆகும், அதையும் பாத்திரத் திரவம்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் காலரில் நிற்கிற கோட்டை அதோடு விட்டுவிடுங்கள். டவுன் டெய்லரிடம் காலரைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைக்கச் சொன்னால் செய்து தருவார், உள்ளே இருந்த பக்கம் வெளியே வரும், மஞ்சள் மடிப்புக்குள் போய்விடும். கிழிந்த அந்த ஒன்றரை வயதுச் சட்டையையும் அவரிடம்தான் கொண்டுபோனேன். அக்குளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஊசி போட்டா ஓட்டதான் வே விழும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அதன் முதுகுத் துணி என் பைக்கைத் துடைக்கிறது.